ஆட்டுக்கொல்லி நோய்: ஊசி போட்ட மந்தையில் மீண்டும் நோய் வருவது ஏன்?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரர்களில் பலருக்கு ஊரில் ஆடுகள் உண்டு. இங்கிருந்து அனுப்பும் பணத்தில் மனைவியோ தாயோ ஐந்தாறு வெள்ளாடுகள் வாங்கி வளர்க்கிறார்கள். குட்டி போட்டுப் பெருகினால் பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டு விசேஷத்துக்கும் உதவும். அந்த ஆடுகள் வரிசையாக நோயில் விழும்போது முதலில் வருவது வாட்ஸ்அப் படம்: மூக்குத் துவாரங்களை மஞ்சள் சளி காய்ந்து அடைத்திருக்கும், கண்ணிமைகள் பீளையால் ஒட்டியிருக்கும், வால்புறம் கழிச்சலில் நனைந்து கிடக்கும். அதற்கடுத்து வரும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: “போன வருஷம்தானே டாக்டர் வந்து எல்லா ஆட்டுக்கும் ஊசி போட்டார், பிறகு எப்படி வந்தது?”

இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை உண்டு. அது தடுப்பூசியின் தரத்தை விட மந்தையின் கணக்கைச் சார்ந்தது. அதைப் புரிந்துகொள்ள, நோய் எப்படித் தொடங்குகிறது, எப்படிப் பரவுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் ஆட்டுக்கொல்லி நோய் என்றும், சுருக்கமாகப் பி.பி.ஆர். என்றும் அழைக்கும் இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ். மனிதர்களுக்கு வரும் தட்டம்மை வைரஸும், 2011-இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோயின் வைரஸும் இதற்கு நெருங்கிய உறவு. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் 1942-இல் முதன்முதலாக இது விவரிக்கப்பட்டது. இந்தியாவில் முதலில் உறுதிசெய்யப்பட்ட இடம் தமிழ்நாடு: 1987-இல் விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில் செம்மறி ஆடுகளிடையே அது கண்டறியப்பட்டது. மாட்டு வெக்கையும் ஆட்டுக்கொல்லியும் அறிகுறிகளில் ஒத்திருப்பதால், அதற்கு முன் ஆடுகளில் வந்த பல பாதிப்புகள் வெக்கையின் கணக்கில் எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

நோயின் போக்கை நாள்வாரியாகக் கவனிப்பது நல்லது, ஏனெனில் ஒவ்வொரு நாளும் அது வேறு முகம் காட்டுகிறது. வைரஸ் உடலுக்குள் நுழைந்து பொதுவாக நான்கு முதல் ஆறு நாட்களுக்குப் பிறகு ஆட்டுக்குக் கடும் காய்ச்சல் காண்கிறது. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி 41 வரை ஏறும். ஆடு தலை தாழ்த்தி நிற்கும், அசைபோடாது, மூக்கின் முனை உலர்ந்திருக்கும், மயிர் சிலிர்த்து நிற்கும். மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் முதலில் தெளிந்த நீர் வடியும். இந்தக் கட்டத்தில் வீட்டில் இருப்பவர்கள் மழையில் நனைந்த சளி என்று எண்ணி விட்டுவிடுவது இயல்பு. அடுத்த இரண்டு மூன்று நாட்களில் நீர் கெட்டியாகிச் சீழ் போலாகும், காய்ந்து துவாரங்களை அடைக்கும், ஆடு வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கும்.

ஏறக்குறைய அதே சமயத்தில் வாய்க்குள் மாற்றம் தெரியும். கீழுதட்டைப் பிதுக்கி ஈறைப் பார்த்தால், முதலில் குண்டூசித் தலை அளவு வெளிறிய புள்ளிகள் இருக்கும். அவை ஒன்றோடொன்று கூடி, ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் எங்கும் வெண்மையான, சுரண்டினால் உதிரும் படலமாக மாறும். அந்தப் படலத்துக்கு அடியில் திசு செத்துப்போயிருப்பதால் வாயிலிருந்து துர்நாற்றம் வீசும், ஆட்டால் தழை கடிக்க முடியாது. பிறகு கழிச்சல் தொடங்குகிறது. நீர்த்த, சில சமயம் இரத்தம் கலந்த கழிச்சல். கடைசியாக இருமலும் நுரையீரல் அழற்சியும் சேர்கின்றன. சினை ஆடுகள் கரு சிதைக்கின்றன. கடுமையாகப் பாதிக்கப்பட்டவை காய்ச்சல் தொடங்கிய ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் இறந்துவிடுகின்றன. அதைத் தாண்டியவை மெல்லத் தேறி, வாழ்நாள் முழுவதற்குமான எதிர்ப்பு சக்தியைப் பெறுகின்றன. முன்பு நோயையோ ஊசியையோ கண்டிராத மந்தையில் ஏறக்குறைய எல்லா ஆடுகளும் நோயில் விழலாம், பாதிக்கு மேல் இறக்கவும் கூடும். குட்டிகளின் நிலை இன்னும் மோசம்.

கழிச்சலும் இருமலும் ஒரே ஆட்டில் சேர்ந்து வருவதற்குக் காரணம், வைரஸ் தன் இருப்பிடத்தைத் தெரிவுசெய்யும் முறை. முதலில் அது நோயெதிர்ப்பு அணுக்களைத் தாக்கி நிணநீர் முடிச்சுகளில் பெருகுகிறது. அதன் பிறகே வாய், குடல், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்சுவர் அணுக்களுக்குள் செல்கிறது. உடலின் காவலே முதலில் வீழ்வதால், வழக்கமாக மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றி வாழும் பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. ஆகவே இறந்த பல ஆடுகளைக் கொன்றது அந்த இரண்டாம் தொற்றுதான். கால்நடை மருத்துவர் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடுவதும், நீர்ச்சத்து ஏற்றுவதும், வாயைக் கழுவச் சொல்வதும் இதற்காகவே. வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை.

தவறாகக் கணிக்கப்படும் வாய்ப்பு இந்நோயில் அதிகம். மூச்சுத்திணறலை மட்டும் பார்த்தால் சாதாரண நுரையீரல் அழற்சி என்று தோன்றும். கழிச்சலை மட்டும் பார்த்தால் குடற்புழு அல்லது இரத்தக் கழிச்சல் நோய் என்று தோன்றும். வாயை மட்டும் பார்த்தால் கோமாரி, நீலநாக்கு, வாய்க்கொப்புள நோய் எனப் பல சந்தேகங்கள் எழும். கோமாரியில் குளம்பிடையிலும் புண் இருக்கும், ஆடு நொண்டும், ஆனால் கழிச்சலும் கடும் சளியும் இருக்காது. நீலநாக்கில் முகம் வீங்குவதும் கால் வலியும் முன்னே வரும். அது செம்மறியைத்தான் அதிகம் வாட்டும். வாய்ப்புண், கழிச்சல், சளியோடு கூடிய இருமல் மூன்றும் சில நாட்களுக்குள் பல ஆடுகளில் தோன்றினால் ஆட்டுக்கொல்லியை முதலில் சந்தேகிக்க வேண்டும். இறந்த ஆட்டைப் பரிசோதிக்கும் மருத்துவர் பெருங்குடலைத் திறந்தால், அதன் மடிப்புகளின் மேல் வரிக்குதிரையின் கோடுகள்போல இரத்தக்கட்டுப் பட்டைகளைக் காண்பதுண்டு. எனினும் உறுதி தருவது ஆய்வகம்தான்: காய்ச்சல் இருக்கும்போதே கண், மூக்கு, வாய் ஆகியவற்றிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரிகள் குளிர்ச்சியில் ஆய்வகம் சேர்ந்தால், அவற்றில் வைரஸின் மரபுப் பொருளைக் கண்டறியலாம். பத்து நாள் கழித்து எடுத்த மாதிரி பல சமயம் ஏமாற்றிவிடும்.

இனி பரவும் முறை. இந்த வைரஸ் வெளியில் நெடுநேரம் உயிரோடிருப்பதில்லை. நம் ஊர் வெயிலும் வெப்பமும் அதை விரைவில் அழித்துவிடும். சோப்பும் வழக்கமான கிருமிநாசினிகளும் போதும். எனவே காற்றில் ஊர்விட்டு ஊர் பறந்து வருவதில்லை, மண்ணில் மாதக்கணக்கில் காத்திருப்பதும் இல்லை. அது நகர்வது ஆட்டோடு ஆடாகத்தான்: நோயுற்ற ஆடு இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் நீர்த்துளிகள், சளி, கழிச்சல், ஒரே தொட்டியில் குடிக்கும் நீர், ஒரே பட்டியில் நெருங்கிப் படுப்பது ஆகியவை வழியாக. தேறிய ஆடுகள் நோயைத் தொடர்ந்து சுமந்து திரிவதும் இல்லை. மாடுகளுக்கும் தொற்று ஏற்படலாம், ஆனால் அவை பொதுவாக அதைப் பிறவற்றுக்குக் கடத்துவதில்லை. மனிதர்களுக்கு இது வருவதே இல்லை. தேக்காவில் இறைச்சி வாங்குபவருக்கு இந்நோயால் எந்த அச்சமும் இல்லை.

ஆனால் ஒரு கண்ணி உண்டு. காய்ச்சல் கண்ணுக்குத் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே ஆடு வைரஸை வெளியேற்றத் தொடங்கிவிடுகிறது. சந்தையில் பளபளவென்று நிற்கும் கிடாயை வாங்குபவர் பல்லைப் பார்க்கிறார், எடையைத் தூக்கிப் பார்க்கிறார், விலை பேசுகிறார். அதற்கு இரண்டு நாள் முன்பு வேறொரு சந்தையில் நோயுற்ற ஆட்டின் பக்கத்தில் அது கட்டப்பட்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் முந்தைய வாரங்களில் ஆடுகள் பல மாவட்டங்களைத் தாண்டிக் கைமாறுவதால் அப்போது ஆபத்து கூடுகிறது. நோய் வந்த வீட்டார் இழப்பைக் குறைக்க, இன்னும் நன்றாகத் தெரியும் ஆடுகளை அவசரமாகக் குறைந்த விலைக்கு விற்றுவிடுவதும் உண்டு. அவர்கள்மேல் பழி சொல்ல மனம் வரவில்லை, ஆனால் அப்படி விற்கப்பட்ட ஆடுகளே அடுத்த ஊரின் தொடக்கம்.

தடுப்பூசிக்கு வருவோம். இன்று பயன்படுபவை வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகள். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் அணுக்களில் வைரஸைப் பலமுறை தொடர்ந்து வளர்த்து, நோய் தரும் திறனை இழக்கவைத்து உருவாக்கப்பட்டவை. உலகில் பரவலாக இருப்பது நைஜீரியா 75/1 என்னும் வகை. இந்தியாவில் இமாச்சலத்து ஆட்டிலிருந்து பெறப்பட்ட சுங்ரி 96 என்பது பெரும்பான்மை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய அரசூர் 87, கோயம்புத்தூர் 97 என்பவையும் உண்டு. ஒரு மில்லிலிட்டரைத் தோலுக்கடியில் ஒரே ஒரு முறை செலுத்தினால் குறைந்தது மூன்று ஆண்டுகள் பாதுகாப்பு கிடைக்கிறது. வீட்டு ஆட்டின் பயனுள்ள ஆயுள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுகிறது. கால்நடைத் தடுப்பூசிகளில் இவ்வளவு நம்பத்தகுந்தவை குறைவு.

அப்படியானால் குறை எங்கே? ஒன்று, குளிர்ச்சியில். பொடியாக உறைந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கரைத்த பிறகு பனிக்கட்டியின் மேல் வைத்து ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நூறு ஆடுகளுக்கான குப்பியைக் காலை ஏழு மணிக்குக் கரைத்துவிட்டு, மேய்ச்சலுக்குப் போன ஆடுகள் திரும்பும் வரை மரத்தடியில் காத்திருந்தால், பிற்பகலில் போடப்படுவது பெரிதும் வெறும் உப்புநீரே. ஊசிக்குழாயைக் கிருமிநாசினியில் ஊறவைத்துச் சரியாக அலசாமல் பயன்படுத்தினாலும் மீதமுள்ள இரசாயனம் உயிருள்ள வைரஸைக் கொன்றுவிடும். இவற்றில் எதுவும் அந்த நாளில் வெளியே தெரியாது. ஆட்டுக்கு ஊசி போடப்பட்டது என்று பதிவேட்டில் இருக்கும்.

அதைவிடப் பெரிய காரணம், முன்பு சொன்ன மந்தைக் கணக்கு. 200 ஆடுகள் உள்ள ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை, ஆனால் நடைமுறையிலிருந்து தூரமில்லை. முகாம் நடக்கும் நாளில் 40 குட்டிகள் நான்கு மாதத்துக்குட்பட்டவை. சீம்பாலின் வழியாகத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குட்டியின் இரத்தத்தில் இருக்கும் வரை, ஊசியில் வரும் வைரஸை அது அழித்துவிடுமாதலால், மூன்று நான்கு மாதம் வரை குட்டிக்கு ஊசி போடுவதில் பயனில்லை. மிச்சம் 160. அவற்றில் பத்துக்கு ஒன்பது முகாமுக்கு வருகின்றன, அதாவது 144; நல்ல முகாம் என்று சொல்லத்தக்க எண்ணிக்கை. அவற்றில் 95 விழுக்காட்டில் ஊசி பலிக்கிறது என்றால் 137 ஆடுகள் பாதுகாப்புப் பெறுகின்றன. பதிவேட்டில் 90 விழுக்காடு என்று எழுதப்படும் முகாம், ஊரில் உண்மையில் தருவது 68 விழுக்காடு.

நோயுற்ற ஓர் ஆடு சராசரியாக நான்கு ஆடுகளுக்குத் தொற்றுமானால், தொற்றுச் சங்கிலி தானே அறுந்துபோக நான்கில் மூன்று ஆடுகள் எதிர்ப்பு பெற்றிருக்க வேண்டும். ஒழிப்புத் திட்டங்கள் பொதுவாக 70 முதல் 80 விழுக்காட்டை இலக்காக வைப்பதன் அடிப்படை இதுவே. நம் சிற்றூர் முதல் நாளிலேயே எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கிறது.

ஓராண்டு கழிகிறது. விற்பனை, விருந்து, இறப்பு எல்லாமாக 80 ஆடுகள் போய்விட்டன. அவற்றின் இடத்தைப் புதிய குட்டிகளும் சந்தையில் வாங்கியவையும் நிரப்பியுள்ளன. வெளியேறியவற்றில் ஊசி பலித்தவை 55 என்று வைத்தால், எஞ்சியவை 82. ஊரில் இன்னும் 200 ஆடுகள், பாதுகாப்பு பெற்றவை 41 விழுக்காடு மட்டும். எந்த ஆட்டின் எதிர்ப்பும் குறையவில்லை, எந்த மருந்தும் கெடவில்லை, ஆடுகள்தான் மாறிவிட்டன. “போன வருஷம்தானே ஊசி போட்டோம்” என்பது உண்மை, ஆனால் இன்று நோயில் விழுந்து கிடக்கும் ஆடுகளில் பெரும்பாலானவை அந்த நாளில் பிறந்திருக்கவே இல்லை, அல்லது வேறு ஊரில் இருந்தன.

இரண்டாம் ஆண்டும் எல்லா ஆடுகளுக்கும் முகாம் நடத்தினால், விடுபட்டவற்றில் பெரும்பகுதி பிடிபட்டு, அதே கணக்கில் எண்ணிக்கை ஏறக்குறைய 149-க்கு, அதாவது 75 விழுக்காட்டுக்கு உயர்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் முழு மந்தைக்கும் ஊசி, பிறகு ஓரிரு ஆண்டுகள் புதிதாகப் பிறந்தவற்றுக்கு மட்டும் ஊசி என்று உலகளாவிய திட்டம் வகுக்கப்பட்டதன் காரணம் இதுதான். குட்டிகள் வயதுக்கு வந்ததும், முகாமிலிருந்து நான்கு மாதம் கழித்து ஒரு சிறிய சுற்று நடத்தினால், முதல் ஆண்டிலேயே ஊரை 70 விழுக்காட்டுக்கு மேலே கொண்டுவந்துவிடலாம். என் கருத்தில், தமிழ்நாட்டு நிலைமைக்கு இந்தச் சிறிய சுற்றுதான் அதிகப் பலன் தருவது. பெரிய முகாமுக்குச் செலவழிக்கும் உழைப்பில் ஒரு பகுதி போதும், ஆனால் அது எப்போதும் நழுவிவிடுகிறது.

முகாம் தவறான நேரத்தில் அமைவதும் குழப்பம் தருகிறது. ஓர் ஊரில் நோய் தொடங்கிய பிறகு பதறி எல்லா ஆடுகளுக்கும் ஊசி போட்டால், ஏற்கெனவே வைரஸை உள்ளே வாங்கிவிட்ட ஆடுகள் மூன்று நான்கு நாட்களில் நோயில் விழும், ஊசிதான் நோயைத் தந்தது என்று ஊர் முடிவுசெய்யும். அடுத்த ஆண்டு முகாமுக்கு ஆடுகள் வராது. ஊசி போட்டு முழுப் பாதுகாப்பு வர இரண்டு வாரமாவது தேவை. ஆகவே அறிந்த மருத்துவர்கள் நோயில்லாத சுற்று ஊர்களிலிருந்து தொடங்கி உள்நோக்கி வருகிறார்கள், நோயுற்ற பட்டியை இறுதியாகத் தொடுகிறார்கள், ஆட்டுக்கு ஆடு ஊசிமுனையை மாற்றுகிறார்கள். ஒரே ஊசிமுனையால் நோயுற்ற ஆட்டையும் நல்ல ஆட்டையும் குத்துவது நோயைக் கையால் எடுத்துக் கொடுப்பதற்குச் சமம்.

திட்டம் பலிக்கிறதா என்று அளப்பதில் இன்னொரு சிக்கல் உள்ளது. ஆட்டின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், அது ஊசியால் வந்ததா நோயால் வந்ததா என்று இப்போது புழக்கத்திலுள்ள தடுப்பூசிகளைக் கொண்டு பிரித்தறிய முடியாது. ஊசி போட்ட ஆட்டின் காதுவில்லையும் தேதியும் பதியப்படாவிட்டால் இரத்தப் பரிசோதனையின் முடிவு பாதி அர்த்தத்தை இழந்துவிடும். நோயில்லாத நாடுகள் இந்தத் தடுப்பூசியைத் தவிர்ப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். உலக விலங்கு நல அமைப்பின் விதிப்படி ஒரு நாடு நோயற்றது என்ற தகுதியைக் கோர, முந்தைய 24 மாதங்களில் ஊசி போட்டிருக்கக் கூடாது. ஆடு வளர்ப்பு மிகக் குறைவாக உள்ள சிங்கப்பூருக்கு ஊசி தேவையில்லை. இங்கு காவல் எல்லையில்தான் நிற்கிறது. வெளியிலிருந்து வரும் உயிருள்ள ஆடுகளுக்குச் சான்றிதழும் அனுமதியும் கட்டாயம். குர்பானுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஆடுகள் தருவிக்கப்பட்டு வந்ததும் இந்தப் பின்னணியில் பொருத்தமே, ஏனெனில் அங்கு இந்நோய் இல்லை. எல்லைக் காவல் தளர்ந்தால் எவ்வளவு விரைவில் நிலை மாறும் என்பதற்கு 2024 ஜூலையில் கிரீஸிலும் ருமேனியாவிலும் அடுத்தடுத்து நோய் வந்தது சான்று.

2015-இல் ஐவரி கோஸ்டின் அபிஜானில் கூடிய நாடுகள், 2030-க்குள் இந்நோயை உலகிலிருந்து அகற்றுவது என்று தீர்மானித்தன. மாட்டு வெக்கையை ஒழித்த அதே பாதைதான்: நல்ல தடுப்பூசி, வைரஸின் எல்லாப் பிரிவுகளுக்கும் எதிராக ஒரே ஊசி தரும் நிலையான பாதுகாப்பு, நோயைச் சுமந்து திரியாத விலங்குகள். ஆனால் மாட்டைவிட ஆடு மிக வேகமாகக் கைமாறுகிறது, அதன் விலை குறைவென்பதால் அதற்காகச் செலவழிக்க எவரும் தயங்குகிறார்கள். மொராக்கோ 2008-இல் நோய் வந்தபோது நாடு முழுவதும் ஊசி போட்டு அதை அடக்கியது. ஊசியை நிறுத்திய சில ஆண்டுகளில், 2015-இல், நோய் மீண்டும் தலைகாட்டியது.

ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது சில நடைமுறைகள்தான். சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனிக் கொட்டகையில், தனித் தண்ணீர்த் தொட்டியோடு வையுங்கள்; அந்த நாட்களில் தினமும் மூக்கையும் வாயையும் பாருங்கள். அதன் பிறகு ஊசி போட்டு, இரண்டு வாரம் கழித்து மந்தையோடு சேருங்கள். குட்டி பிறந்த மாதத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். நான்காம் மாதம் முடிந்ததும் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், முகாம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரே வாரத்தில் இரண்டு ஆடுகளுக்குச் சளியும் கழிச்சலும் சேர்ந்து வந்தால் எந்த ஆட்டையும் விற்காமல், அன்றே மருத்துவரை அழையுங்கள், மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கும் முதல் மூன்று நாட்களில் எடுத்த மாதிரிதான் பேசும்.